புத்தகத்திலேயே ‘விற்கக் கூடாது’ என்று போட்டிருக்கிறதே?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் வசிக்கிறேன். என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். போன ஏப்ரலில் அவளுடைய புத்தகங்களையும் தோழிகளுடைய புத்தகங்களையும் சேர்த்து 11 செட், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். கையில் கொஞ்சம் காசு நின்றது. இந்த வருடம் 40 செட் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் 300 கதைப் புத்தகங்களும், டிவிடியோடு வந்த குழந்தைகள் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றை மாதம் 100 ரூபாய்க்கு இரவல் விடவும் ஆசை. ஆனால் ஒரு பெற்றோர், “என்சிஇஆர்டி புத்தகத்திலேயே மறுவிற்பனை செய்யக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று போட்டிருக்கிறது, கேஸ் ஆகிவிடும்” என்கிறார். தெரிந்த ஒருவர் அரசு கொடுக்கும் விலையில்லாப் புத்தகம் 30 செட், புதுசாக, எடைக்குத் தருகிறேன் என்கிறார். சிலர் கைடை ஜெராக்ஸ் போட்டுக் கேட்கிறார்கள். கணவர் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் வேலை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நன்றாக விற்கும் என்கிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பயப்படும் இடத்தில் ஆபத்து இல்லை. நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது. முதலில் அந்தப் பெற்றோர் காட்டிய வரியைப் பார்த்துவிடுவோம்.

என்சிஇஆர்டி புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தில், பதிப்பாளர் அனுமதியில்லாமல் வணிக முறையில் இரவல் தரவோ மறுவிற்பனை செய்யவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று ஆங்கிலத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘வெளியிடப்பட்ட அட்டையும் கட்டும் தவிர வேறு அட்டையிலோ கட்டிலோ’ என்று ஒரு வால் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த வாலுக்கு முன்னாலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சேர்த்துப் படித்தால், அட்டையைக் கிழித்துவிட்டு வேறு அட்டை போட்டு வேறு புத்தகம்போல் வியாபாரம் செய்யாதே என்றுதான் அது சொல்கிறது.

அந்த வால் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பாதகமில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நூலின் பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமை உடையவருக்குத் தருகிறது. அதே வரியில், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை அதிலிருந்து விலக்கியும் விடுகிறது. ஒருமுறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்துக்கு வந்த பிரதியே என்று கீழே விளக்கமும் கொடுத்திருக்கிறது. உங்கள் மகளுக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அந்தக் கணமே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதை நீங்கள் விற்கலாம், வாங்கியவர் மறுபடி விற்கலாம், வாடகைக்கும் விடலாம். அச்சிட்ட நூல்களைப் பொறுத்தவரை வாடகைக்கு விடும் உரிமை என்று தனியாக ஒன்றைச் சட்டம் பதிப்பாளருக்குத் தரவில்லை. பழைய புத்தகக் கடைகளும் வாடகை நூலகங்களும் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. பள்ளிப் பெயரையோ சின்னத்தையோ உங்கள் விளம்பரத்தில் போடாமல், பள்ளி வளாகத்துக்குள் அனுமதியின்றி விற்காமல் இருந்தால் பள்ளியும் உங்களைத் தடுக்க முடியாது.

ஆனாலும் அந்த வாலை மதியுங்கள். அட்டை பிரிந்துவிட்டால் அதே அட்டையை ஒட்டுங்கள், முதுகில் தையல் போடுங்கள். காலிகோ பைண்டிங் செய்து பழைய அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். காக்கி உறை போட்டுக் கொடுப்பது பைண்டிங் ஆகாது. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு: அச்சிட்ட விலையே சரியான விலை, ரப்பர் ஸ்டாம்பாலோ ஸ்டிக்கராலோ காட்டும் வேறு விலையை ஏற்க வேண்டாம் என்பது. ஆகவே உங்கள் விலையை அந்தப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது அதைச் சொல்லியும் பயமுறுத்துவார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது. நீங்கள் நினைக்கும் அளவு வியாபாரத்துக்கும் இரவலுக்கும் பதிவு எண் தேவையில்லை.

எடைக்கு வரும் 30 செட்

இதை வாங்காதீர்கள். விலையில்லாப் பாடநூல் திட்டத்தில் வெளியிட்டது, விற்பனைக்கு அல்ல என்று அந்தப் புத்தகங்களிலேயே அச்சிட்டிருக்கும். மேலே சொன்ன பாதுகாப்பு விற்கப்பட்ட பிரதிக்குரியது. இவை யாருக்கும் விற்கப்பட்டவையே அல்ல. ஒரு பிள்ளை படித்து முடித்த புத்தகத்தைப் பெற்றோர் பழைய பேப்பர் கடையில் போடுவது வேறு. எழுத்து விழாத, பெயர் எழுதாத 30 செட் ஒரே ஆளிடமிருந்து எடைக்கு வருவது வேறு. அப்படி வந்தால் அவை பள்ளியிலிருந்தோ கிடங்கிலிருந்தோ பிள்ளைகளுக்குப் போகாமல் திரும்பியவை என்றுதான் காவல்துறை முதலில் நினைக்கும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ‘நம்பக் காரணம்’ என்பதற்கு எடை விலையும் புதுப் புத்தகமும் சேர்ந்ததே போதும். எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்வது எடுபடாது.

வியாபாரமாகவும் அதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் காசு கொடுத்து வாங்குபவர்கள் சுயநிதி மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய புத்தகத்தில் விலை அச்சிட்டிருக்கும். நீங்கள் வாங்கி விற்க வேண்டியது அதைத்தான்.

இதற்கெல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டிய கருவி ஒரு நூறு பக்க நோட்டு. யாரிடம் வாங்கினீர்கள், அவருடைய கைப்பேசி எண், பிள்ளை எந்தப் பள்ளி எந்த வகுப்பு, என்னென்ன புத்தகம், எந்த ஆண்டுப் பதிப்பு, கொடுத்த தொகை, அவர் கையெழுத்து. ஒரு செட்டுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். நாளை யாராவது வந்து கேட்டால், நேர்மையாக வாங்கினேன் என்பதற்கு உங்களுக்கு வேறு சாட்சி இருக்காது.

ஜெராக்ஸ், போலி, டிவிடி

முழுக் கைடை ஜெராக்ஸ் போட்டு விற்பதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய ஆபத்து. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் பிரதி எடுக்கச் சட்டத்தில் விலக்கு இருப்பதைச் சிலர் கேள்விப்பட்டு, ‘படிப்புக்குத்தானே’ என்பார்கள். அந்த விலக்கு ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது, காசுக்கு விற்பவருக்கு அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், பிணை உரிமையாகக் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஆனால் அது லாப நோக்கில்லாத செயலுக்கு. உங்களுடையது லாபத்துக்கு.

நீங்கள் ஜெராக்ஸ் போடாமலே இதில் மாட்ட வழி உண்டு: போலி அச்சுப் புத்தகத்தைத் தெரியாமல் வாங்கி விற்பது. திருட்டுப் பிரதியை விற்பதும் வாடகைக்கு விடுவதும் உரிமை மீறல்தான். என்சிஇஆர்டி புத்தகத்தில் சோதனை எளிது. வாட்டர்மார்க் உள்ள 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டது என்று அவர்களே பதிப்புப் பக்கத்தில் போடுகிறார்கள். நடுவில் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், தாளுக்குள் அவர்களுடைய சின்னம் தெரிய வேண்டும். தெரியாமல், படங்களில் வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து மங்கலாகவும் இருந்தால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடுங்கள்.

குழந்தைகள் புத்தகத்தோடு வந்த டிவிடி, சிடிகளை இரவல் சந்தாவில் சேர்க்க வேண்டாம். இங்கே சட்டம் புத்தகத்துக்குச் சொன்னதைச் சொல்லவில்லை. திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றில் வணிக முறையில் வாடகைக்கு விடும் உரிமையை உரிமையாளரிடமே விட்டுவைத்திருக்கிறது. புத்தகத்தை இரவல் கொடுங்கள், தட்டை எடுத்து பீரோவில் வையுங்கள்.

40 செட் கணக்கு

சட்டக் கேள்விக்கு நடுவில் வியாபாரக் கணக்குப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பதிப்பு மாறிப்போன புத்தகம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் சண்டையாகி வருவதுதான் இந்தத் தொழிலில் வழக்கமான புகார். பழையதைப் புதிதென்றோ, செல்லாத பதிப்பைச் செல்லும் என்றோ சொல்லி விற்பது நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை.

என்சிஇஆர்டி 2023இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கும், 2024இல் மூன்று, ஆறாம் வகுப்புகளுக்கும், 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் முழுக்கப் புதிய புத்தகங்களைக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு அறிவியல் ‘கியூரியாசிட்டி’, கணக்கு ‘கணித பிரகாஷ்’ என்று பெயரே மாறிவிட்டது. 2023இல் வாங்கி வைத்த ஆறாம் வகுப்பு செட் அடுத்த ஆண்டே எடைக்குத்தான் போயிருக்கும். பாக்கி வகுப்புகளும் வரிசையில் நிற்கின்றன. மேல் வகுப்புகளில் 2023 பதிப்பில் பல பாடங்கள் நீக்கப்பட்டதால், அதற்கு முந்தைய பதிப்பில் பக்க எண்ணும் பயிற்சி எண்ணும் பொருந்தாது. மாநிலப் பாடத்திட்டத்திலும் இது நடந்திருக்கிறது. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளும் அடுத்த ஆண்டு மற்றவையும் ஒரேயடியாக மாறின. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபோது அங்கே மாநிலப் பாடநூலுக்கு இருந்த கைமாற்றுச் சந்தையும் சுருங்கியது.

தனியார் பதிப்பகப் புத்தகத்தில் லாபம் அதிகம், ஏனென்றால் அச்சு விலை அதிகம். ஆனால் பள்ளி நிர்வாகம் ஒரே கையெழுத்தில் பதிப்பகத்தை மாற்றிவிடும். ஆகவே அந்த ஆண்டின் புத்தகப் பட்டியல் கையில் வரும்வரை ஒரு செட்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். பயிற்சிப் புத்தகத்தில் எழுதிவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. சுரண்டி எடுக்கும் கோடு எண் கொண்ட ஆப் வசதி ஒருமுறைக்குத்தான் வேலை செய்யும். ‘கோடு பயன்படுத்தப்பட்டது’ என்று துண்டுச்சீட்டில் எழுதிவிடுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு செட்டின் அச்சு விலை சராசரி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சதவீதத்துக்கு வாங்கினால் 360, பாதி விலைக்கு விற்றால் 600. ஒட்டவும் உறை போடவும் செட்டுக்கு 20 ரூபாய். விற்காத செட்டை எடைக்குப் போட்டால் 40 ரூபாய் கிடைக்கும். 40 செட்டுக்கு முதல் 14,400, பழுதுபார்க்க 800. இருபத்தெட்டு விற்றால் 16,800, மீதி பன்னிரண்டுக்கு 480. கையில் நிற்பது 2,080 ரூபாய்.

இதே 40 செட்டைப் பணம் கொடுக்காமல், விற்றால் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து எடுத்து வையுங்கள். விற்ற விலையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது செட்டுக்கு 150, உங்களுக்கு. அதே 28 செட்டுக்கு 4,200 வரும், பழுதுபார்த்த 800 போக 3,400 நிற்கும். விற்காதது உரியவரிடமே திரும்பிப் போகும். முதல் போடாமலே கூடுதல் லாபம். 40க்கு 32 செட்டாவது விற்றால்தான் வாங்கி விற்பது இதைவிட மேலாகிறது. போன வருடம் 11 செட்டையும் விற்றீர்கள் என்பது தோழிகளுக்குள் நடந்தது. நாற்பதில் அந்த விகிதம் நிற்கும் என்று நான் எண்ண மாட்டேன். கடலூரில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ஜூனில் விற்காதது மழைக்காலத்திலும் வீட்டில் கிடக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணைத் தண்ணீர் எங்கெங்கு புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு முழ உயரத்திலாவது, சுவரைத் தொடாமல் அடுக்கி வையுங்கள்.

விற்றால் தரும் முறையில் எழுத்தில் இருக்க வேண்டியது நான்கு விஷயம்: குறைந்தபட்ச விலை, உங்கள் பங்கு, எந்தத் தேதி வரை வைத்திருப்பீர்கள் (ஜூலை 15 என்று போடலாம்), அதற்குள் வந்து எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது. கடைசியை எழுதாமல் விட்டவர்கள் வீட்டில்தான் இரண்டு வருடமாக யாரோ ஒருவருடைய புத்தகம் மூட்டையாகக் கிடக்கிறது.

இரவல் சந்தாவில் யார் கையெழுத்து?

உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை வைத்து 1903லேயே இது முடிவாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தைத் தொலைத்தால் சட்டப்படி அவனிடம் எதையும் வசூலிக்க முடியாது. சந்தாப் படிவத்தில் அப்பாவோ அம்மாவோ உறுப்பினராகக் கையெழுத்துப் போடட்டும், பிள்ளை பெயர் ‘எடுத்துச் செல்பவர்’ என்று மட்டும் இருக்கட்டும். முன்பணம் 300 ரூபாய் வாங்குங்கள், ஒரே நேரத்தில் வெளியே போகும் புத்தகங்களின் மதிப்பு அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு புத்தகத்தின் மாற்று விலையையும் பட்டியலில் முன்னரே எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு விலை சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும். முன்பணம் உங்கள் வருமானம் அல்ல, என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். மாத 100 ரூபாயோடு கலக்காமல் தனி உறையில் இருக்கட்டும்.

கணவரின் வாட்ஸ்அப் யோசனை

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பொருந்தும். 15ஆம் விதிப்படி முன்அனுமதி இல்லாமல் அவர் வியாபாரம் செய்யக் கூடாது. மனைவி வியாபாரம் செய்வதை அந்த விதி தடுக்கவில்லை, அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் மனைவி நடத்தும் தொழிலுக்காக அரசு ஊழியர் முன்அனுமதி இல்லாமல் ஆள் பிடிப்பதே விதிமீறல் என்று அதிலேயே இருக்கிறது. அலுவலகக் குழுவில் அவர் போடும் ஒரு செய்தி, ஸ்கிரீன்ஷாட்டாக மாறினால் துறை நடவடிக்கைக்கு அதுவே சான்று. அண்டை மேசைக்காரருக்கு அவர் மேல் வருத்தம் இருந்தால் போதும்.

ஆகவே நோட்டு, ரசீது, ஜிபே எண், விளம்பரம் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். பெற்றோர் குழுக்களில் உங்கள் எண்ணிலிருந்து நீங்களே போடுங்கள். கணவர் தன் அலுவலகத் தலைமைக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கட்டும்: என் மனைவி வீட்டிலிருந்து பழைய புத்தக விற்பனையும் இரவல் நூலகமும் நடத்துகிறார், எனக்கு அதில் பங்கில்லை, விதி 15இன்படி தெரிவிக்கிறேன் என்று. பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகலை வாங்கி உங்கள் நோட்டோடு சேர்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு முதல் செட்டை எடுங்கள்.